அணைக்கத் தெரியாத சுவிட்ச்

ஹார்மோன் பற்றிய பாடப்படங்களில் அம்புக்குறிகள் எல்லாம் ஒரே திசையில்தான் போகும். ஹார்மோன் வந்தது, ஏற்பியில் ஒட்டியது, உள்ளே இரண்டாம் தூதர் பிறந்தது, செல் வேலை செய்தது. அத்தோடு படம் முடிந்துவிடும்! மாணவர்களும் நான்கு அம்புக்குறியை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கதையின் முக்கியமான பாதி படத்திலேயே இல்லை. செல் எப்படி வேலையை ஆரம்பிக்கிறது என்பதைவிட எப்படி நிறுத்துகிறது என்பதுதான் பெரிய விஷயம். அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்துவது, பற்றுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு வரவுப் பக்கத்தைக் காலியாக விட்ட பேரேடு மாதிரி.

முதலில் ஆரம்பத்தைப் பார்த்துவிடலாம். ஒருவரைத் தெருநாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் தலையில் இருக்கும் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. ஓடுவதற்குச் சர்க்கரை வேண்டும். கல்லீரலில் அது கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமிப்பில் இருக்கிறது. ஆனால் அட்ரினலினால் கல்லீரல் செல்லுக்குள் நுழைய முடியாது. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, அட்ரினலின் நீரில் கரையும் சரக்கு. வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வேலை நடத்த வேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்று 1950களில் அமெரிக்காவில் ஏர்ல் சதர்லேண்டும் தியோடர் ராலும் தேடினார்கள். கல்லீரலை அரைத்து, வேகமாகச் சுழற்றி, சவ்வுத் துண்டுகள் உள்ள வண்டலைத் தனியாக, மேலே நிற்கும் தெளிந்த நீரைத் தனியாகப் பிரித்தார்கள். கிளைக்கோஜனை உடைக்கும் நொதி தெளிந்த நீரில்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஹார்மோனை ஊற்றினால் ஒன்றும் நடக்கவில்லை. வண்டலில் ஹார்மோனைச் சேர்த்து, பிறகு அதைக் கொதிக்க வைத்து, அதிலிருந்து கிடைத்ததைத் தெளிந்த நீரில் விட்டார்கள். நொதி விழித்துக்கொண்டது! கொதித்தும் கெடாத ஏதோ ஒரு சின்னப் பொருள், சவ்விலிருந்து செய்தியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதுதான் சைக்ளிக் ஏஎம்பி. இரண்டாம் தூதர் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. இதற்காக சதர்லேண்டுக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நடுவில் இருக்கும் ஆசாமிக்கு வருவோம். அவர் பெயர் ஜி புரதம். சவ்வின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, கையில் ஜிடிபி என்ற சின்ன மூலக்கூறை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். (வணிகவியல்காரர்கள் அவசரப்பட வேண்டாம், இது நாட்டின் மொத்த உற்பத்தி இல்லை!) அட்ரினலின் ஏற்பியில் ஒட்டியதும் ஏற்பியின் உருவம் கொஞ்சம் மாறுகிறது. அது ஜி புரதத்தின் கையிலிருந்து ஜிடிபியை விடுவிக்கிறது. அந்த இடத்தில் ஜிடிபி (ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள அண்ணன், அதாவது ஜிடிபிக்குப் பதில் ஜிடிபி அல்ல, ஜிடீபீயின் மூன்று பாஸ்பேட் வடிவம்) என்று குழப்பாமல், இரண்டு பாஸ்பேட் சீட்டு போய் மூன்று பாஸ்பேட் சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பாஸ்பேட் சீட்டு கைக்கு வந்ததும் ஜி புரதத்தின் ஆல்ஃபா பகுதி பிரிந்து போய், அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தட்டி எழுப்பும். அது ஏடிபியை எடுத்துச் சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

சைக்ளிக் ஏஎம்பி இன்னொரு நொதியின் பூட்டைத் திறக்கிறது. அது அடுத்த நொதியில் பாஸ்பேட் ஒட்டுகிறது, அது அதற்கடுத்ததில் ஒட்டுகிறது, கடைசியில் கிளைக்கோஜன் உடைந்து சர்க்கரை ரத்தத்துக்குப் போகிறது. பல படிகளில் ஒன்று பலவாகப் பெருகுகிறது. எல்லோரும் வியப்பது இந்தப் பெருக்கத்தைத்தான். வியக்கலாம், தப்பில்லை. ஆனால் இப்படிப் பெருகும் ஒன்றை யார் நிறுத்துவது?

நிறுத்தும் ஏற்பாடு ஒவ்வொரு படியிலும் இருக்கிறது. ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்ற ஒரு நொதி. சைக்ளிக் ஏஎம்பியை உடைத்துப்போட இன்னொரு நொதி. இவற்றில் அழகானது ஜி புரதத்தினுடையது. அதற்கு வெளியிலிருந்து யாரும் "போதும்" என்று சொல்ல வேண்டியதில்லை. கையில் இருக்கும் மூன்று பாஸ்பேட் சீட்டிலிருந்து ஒன்றைத் தானே வெட்டி எறிந்துவிட்டு, சில விநாடிகளில் பழையபடி தூங்கப் போய்விடும். மாடிப்படியில் தானாக அணையும் விளக்கு போல. ஹார்மோன் இன்னும் வாசலில் நின்றால் மறுபடி எழுப்பும், போய்விட்டால் அவ்வளவுதான்.

இந்தக் கடிகாரம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. காலரா!

காலரா கிருமி குடலின் செல்லுக்குள் நுழைவதில்லை. ஒரு நச்சுப் புரதத்தை மட்டும் அனுப்புகிறது. நச்சுதான் காரணம் என்று காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவமே முயல் குடலில் நீரைச் சேரவைக்கிறது என்று 1959-ல் எழுதினார். அந்த நச்சு செல்லுக்குள் போய்ச் செய்வது ஒரே வேலைதான். ஜி புரதத்தின் ஆல்ஃபா பகுதியில் ஒரு சின்னத் துண்டை ஒட்டிவிடுகிறது. அதன்பின் அந்தப் புரதத்தால் சீட்டை வெட்ட முடியாது. விளக்கு அணையாது. வாசலில் ஹார்மோனே இல்லை, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போகிறது.

கல்லீரலில் சர்க்கரை தந்த அதே தூதர், குடலில் வேறு வேலை செய்கிறது. தூதருக்குச் சொந்தமாக அர்த்தம் கிடையாது, கேட்கும் செல்லில் என்ன இருக்கிறதோ அதுதான் நடக்கும். குடல் செல்லில் அது குளோரைடு வெளியேறும் கதவைத் திறக்கிறது. குளோரைடு போனால் சோடியம் பின்னால் போகும், அதன் பின்னால் தண்ணீர் போகும். கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழக்கலாம். வயிற்றுப்போக்கு அரிசி கழுவிய நீர் போல வெளுத்திருக்கும், சீதபேதியில் வருவது போல ரத்தம் இருக்காது. காரணம், குடல் சிதையவில்லை. செல்கள் முழுசாக, ஒழுங்காகத்தான் இருக்கின்றன. "நிறுத்து" மட்டும் தெரியவில்லை.

வைத்தியமும் இதைத்தான் சொல்கிறது. அந்தப் புரதத்தை யாரும் பழுது பார்ப்பதில்லை. குடலின் மேல்தோல் செல்கள் சில நாட்களில் தாமாகவே உதிர்ந்து புதியவை வரும். அதுவரை ஆளைக் காப்பாற்றினால் போதும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே நுழையும் இன்னொரு வாசலை நச்சு தொடுவதில்லை. அதன் வழியாகத் தண்ணீரும் உள்ளே போகும். உப்பு சர்க்கரைக் கரைசலின் ரகசியம் இதுதான். 1971-ல் வங்கப் போர் அகதிகள் நிறைந்த போங்கான் முகாமில் திலீப் மஹலநாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

"ஆரம்பத்தைப் படித்தாலே போதும், நிறுத்துவது சின்ன விவரம்" என்பவர்கள் உண்டு. அம்புக்குறிகள் நான்கையும் மனப்பாடமாகச் சொல்லும் மாணவரிடம், காலராவில் எந்த அம்புக்குறி கெட்டது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. கெட்டது படத்தில் வரையப்படாத அம்புக்குறி. அடுத்த பதிப்பிலாவது அதையும் வரைந்தால் நல்லது.