வெட்டிய இடத்தில் மிஞ்சிய சொல்

திருத்தங்கல் பக்கம் சிறு பட்டாசு ஆலை நடத்தும் ஒருவர், கையெழுத்தாகி ஒன்றரை ஆண்டு கழிந்த ஒப்பந்தம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். வடமாநில மொத்த வியாபாரி அனுப்பியது. ஆங்கிலத்தில் 38 பக்கம். சரக்கு போய், தீபாவளியும் முடிந்து, பணம் மட்டும் வரவில்லை. "விலை, கேஸ் கணக்கு எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு, எங்க தப்பு நடந்துச்சு?" என்று கேட்டார்.

விலையிலும் கணக்கிலும் தப்பில்லை. தப்பு, யாரும் படிக்காத முதல் பிரிவில் இருந்தது. சொற்களுக்குப் பொருள் சொல்லும் பிரிவு அது. அங்கே 'ஏற்புச் சான்று' என்று ஒரு சொல். வாங்குபவரின் ஆள் ஆலைக்கே வந்து சரக்கைப் பார்த்து, மூன்று நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டிய சான்று என்று அதற்கு விளக்கமும் இருந்தது. அதன் பிறகு கடைசிப் பக்கம் வரை அந்தச் சொல் வரவே இல்லை. பணம் கொடுக்கும் பிரிவோ, 'சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள்' என்றது. எந்த நாளில் சரக்கு ஏற்கப்பட்டதாகும் என்று எங்கும் இல்லை.

ஒரு சொல் விளக்கப்பட்டுப் பயன்படாமல் கிடக்கிறது. இன்னொரு சொல் விளக்கமில்லாமல் பயன்படுகிறது. வழக்கறிஞர்கள் பலர் இவற்றை இரண்டு தனித்தனிக் கவனப்பிழைகளாகவே பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் இவை ஒரே வெட்டின் இரண்டு முனைகள். மூல மாதிரியில் ஆலையில் சரக்கைச் சோதிக்கும் பிரிவு ஒன்று இருந்திருக்க வேண்டும். சிவகாசிக்கு ஆள் அனுப்பும் செலவு வேண்டாமென்று யாரோ அதை நீக்கியிருப்பார்கள். ஒப்பந்தத்தைத் திருத்துகிறவர்கள் பிரிவைத்தான் வெட்டுவார்கள், முன்னால் இருக்கும் விளக்கத்தைத் தொட மாட்டார்கள். பயன்படாத சொல் ஒன்றைக் கண்டால் அதைத் தேவையற்றது என்று அடித்துவிட்டுப் போகாதீர்கள். இங்கே முன்பு என்ன இருந்தது, அதை எடுத்ததால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள்.

இவர் விஷயத்தில் நடந்தது இதுதான். ஆகஸ்டில் லாரி ஏறிய நாளிலிருந்து இவர் 45 நாள் எண்ணினார். அக்டோபரில் குடோனில் பெட்டியைப் பிரித்தபோது கொஞ்சம் நமுத்துப் போயிருந்தது, ஆகவே சரக்கை நாங்கள் இன்னும் ஏற்கவே இல்லை என்றார் வாங்கியவர். நமுத்தது ஆலையிலா, வழியிலா, மழைக்காலக் குடோனிலா என்பதற்குச் சாட்சி இல்லை. அந்தச் சாட்சியாக இருக்க வேண்டியதுதான் ஏற்புச் சான்று.

ஒப்பந்தம் விட்ட இடத்தைச் சட்டம் நிரப்பும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 42ஆம் பிரிவில், எப்போது ஏற்றதாகக் கொள்ளலாம் என்று சொல்கிறது. ஏற்றுக்கொண்டேன் என்று வாங்குபவர் தெரிவித்தால் ஏற்பு. சரக்கைத் தனக்குச் சொந்தமானதுபோல் கையாண்டால் ஏற்பு. மறுப்புச் சொல்லாமல் நியாயமான காலம் வைத்துக்கொண்டாலும் ஏற்பு. ஆனால் நியாயமான காலம் எவ்வளவு? அது ஒவ்வொரு வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்று அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. தீபாவளிக்கு முன் பத்து நாளும் பின் பத்து நாளும் பட்டாசுக்கு ஒன்றல்ல என்று நமக்குத் தெரியும். நீதிமன்றத்தில் அதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும்.

சிறு ஆலைகளுக்கு இதைவிட உறுதியான பிடி ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் பணம் தர 45 நாளுக்கு மேல் தவணை கூடாது என்கிறது. ஏற்பு நாளையும் அதுவே விளக்குகிறது: சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சேர்ந்த நாளே ஏற்பு நாள். ஆட்சேபம் வந்தால், அது தீர்க்கப்பட்ட நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. நம் ஆலைக்காரர் உத்யம் பதிவை முன்பே வைத்திருந்ததால் இந்த வழியில் போக முடிந்தது. பதிவில்லாதவருக்கு இந்த வழி சுலபமில்லை.

அதே ஒப்பந்தத்தில் 'சீசன் முடிந்ததும் விற்காத சரக்கைத் திருப்பலாம்' என்று ஒரு வரி. சீசனுக்கு விளக்கமில்லை. சிவகாசிக்காரருக்கு அது தீபாவளியோடு முடிகிறது. வாங்கியவர் கல்யாண சீசனையும் புத்தாண்டையும் சேர்த்துக்கொண்டார். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 29ஆம் பிரிவில் தரும் உதாரணம் எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகருக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். நூறு டன் எண்ணெய் தருகிறேன் என்று மட்டும் ஒருவர் ஒப்பினால், எந்த எண்ணெய் என்று தெரியாததால் ஒப்பந்தம் செல்லாது. தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்பவர் அப்படி ஒப்பினால் செல்லும். அவர் தொழிலே பொருளைச் சொல்லிவிடுகிறது. சீசன் என்ற சொல்லில் இரண்டு தொழில்கள் இரண்டு பொருளைச் சொல்கின்றன. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

விளக்கம் பிந்தி வரும் சொல் என்ன செய்யும் என்பதைச் சிவகாசி, ஒப்பந்தத்துக்கு வெளியிலும் அனுபவித்திருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசையும் புகை குறைந்த பட்டாசையும் மட்டுமே விற்கலாம் என்றது. தீபாவளிக்கு இரண்டு வாரம். அந்தப் பெயரில் கடையில் சரக்கே கிடையாது. நாக்பூரின் நீரி ஆய்வகம் உருவாக்கிய கலவைகளில் செய்த பட்டாசு 2019 அக்டோபரில்தான் முறைப்படி அறிமுகமானது. இடையில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன.

சரிபார்ப்பது கடினமில்லை, ஒரு பொழுது போதும். முதல் பிரிவின் சொற்களைத் தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் பின்னால் வரும் இடங்களைக் குறியுங்கள். ஓரிடமும் இல்லாத சொல் வெட்டின் தடம். பிறகு பணம், ஏற்பு, திருப்புதல், சேதம் பற்றிய பிரிவுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் விளக்கம் இருக்கிறதா என்று பின்னோக்கித் தேடுங்கள். ஆங்கில ஒப்பந்தத்தில் விளக்கிய சொல் பெரிய எழுத்தில் தொடங்கும். எங்கள் ஒப்பந்தத்தில் 'ஏற்கப்பட்ட' என்பது சின்ன எழுத்தில் இருந்ததே முதல் துப்பு. தமிழில் அந்த வசதி இல்லை. தமிழில் எழுதுகிறவர்கள் விளக்கிய சொல்லை ஒவ்வொரு முறையும் தடித்த எழுத்தில் போட வேண்டும். கணினியில் தேடும்போது வேர்ப்பகுதியை மட்டும் கொடுங்கள். 'உரிமம்' என்று தேடினால் 'உரிமத்தின்', 'உரிமத்தை' எல்லாம் தப்பிவிடும். 'உரிம' என்று தேடினால் வரும்.

ஆலைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆடிப்பெருக்குக்குப் பிறகு ஆர்டர் எடுக்கும்போது, எத்தனை பக்க ஒப்பந்தம் வந்தாலும் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். 'சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சேர்ந்த நாளே ஏற்பு நாள்.' 'சீசன் என்பது அந்த ஆண்டு தீபாவளி நாளோடு முடியும்.' எதிர்த் தரப்பு மறுத்தால், லாரியில் சரக்கு ஏற்றுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.