தேதி திரும்பிக்கொண்ட கதை



போன வாரம் கோரிப்பாளையத்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். "சார், என் மகளுக்கு ஒரே ராத்திரியில் நாலு வயசு கூடிப்போச்சு!"

அந்தப் பெண் ஜித்தாவில் பிறந்தவள். அரபியில் இருந்த பிறப்புச் சான்றைத் தமிழாக்கி ஒரு டிடிபி கடையில் டைப் செய்திருக்கிறார்கள். பெயரை மட்டும் அரபு எழுத்திலேயே விட்டு, அதை அடுத்து 03-05-07 என்று அடித்து, 'அன்று பிறந்தார்' என முடித்திருக்கிறார்கள். திரையில் வந்ததோ வேறு: முதலில் 07-05-03, அதன் பிறகு பெயர், அதன் பிறகு 'அன்று பிறந்தார்'. 2007 மே 3 என்பது 2003 மே 7 ஆகிவிட்டது.

கடைக்காரர் தப்பாக அடிக்கவில்லை. அடித்த வரிசை கணினிக்குள் சரியாகவே இருக்கிறது. திரையில் காட்டும்போதுதான் மாறுகிறது. அரபு எழுத்து வலமிருந்து இடம் போகும். தமிழ் இடமிருந்து வலம். இலக்கத்துக்குச் சொந்தமாக உறுதியான திசை கிடையாது. தனக்கு முன்னால் வந்த எழுத்து எதுவோ, அதன் பக்கம் சாய்ந்துவிடும். முன்னால் அரபு இருந்தால் தேதி அரபின் தொடர்ச்சியாகி, பெயருக்கு இடப்பக்கம் போய் உட்காரும். நடுவில் இருக்கும் சிறுகோடு தேதியை மூன்று துண்டாக்கும். அந்தத் துண்டுகளும் வலமிருந்து அடுக்கப்படும்.

சிறுகோட்டுக்குப் பதில் 03/05/07 என்று சாய்கோடு போட்டால் தேதி உள்ளுக்குள் புரளாது. ஆனால் பெயரைத் தாண்டி முன்னால் போவது நிற்காது. '3 மே 2007' என்று எழுதினாலும் அந்த 3 மட்டும் தாவிப் போய்விடும்.

அந்தக் கடையில் செய்த 'திருத்தம்' இன்னும் மோசம். திரையில் சரியாகத் தெரியட்டும் என்று 07-05-03 என மாற்றி அடித்திருக்கிறார்கள். இப்போது உள்ளே இருப்பதே தப்பு. அந்தத் தேதியை மட்டும் நகலெடுத்து ஒரு விண்ணப்பத்தில் ஒட்டினால் 2003தான் வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதற்காக இலக்கத்தை மாற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வழி எளிது. அரபுக்கும் இலக்கத்துக்கும் நடுவில் ஒரு தமிழ்ச் சொல்லை வையுங்கள். பெயர், அடுத்து 'பிறந்த தேதி', அதன் பிறகு 03-05-2007. இலக்கம் தமிழ்ப் பக்கம் நின்றுவிடும். சொல் சேர்க்க முடியாத இடத்தில், அரபு முடிந்ததும் U+200E என்ற கண்ணுக்குத் தெரியாத குறியைச் சேர்க்கலாம். அதைவிட நல்லது, அரபை வாக்கியத்துக்குள் விடாமல் தனி வரியில் போடுவது. ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதினால், புரண்டாலும் உடனே தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போடுமுன் ஒவ்வோர் இலக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். அரபு இலக்கத்தில் ஐந்து நம் பூஜ்யம் போலவும், ஆறு நம் ஏழு போலவும் இருக்கும்; அங்கேயும் கண் ஏமாறும்.

அந்தப் பெண்ணின் தாளைத் திருத்தி அடித்தாயிற்று. உங்கள் வீட்டில் இப்படித் தமிழாக்கிய தாள் இருந்தால், இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.