லேபிள் படம்: கிரயமா, குத்தகையா?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களில் விளையும் மணிலாவைச் செக்கில் ஆட்டி, சீசாவில் அடைத்து, சிப்காட் பகுதித் தொழிலாளர் குடியிருப்புகளில் விற்க எண்ணும் விவசாயிகள் முதலில் தேடுவது லேபிள் வரைபவரையும் புகைப்படக்காரரையும்தான். அவர்களிடம் கூலியைப் பேசி முடித்துவிடுகிறார்கள். படம் யாருக்குச் சொந்தம் என்பதைப் பேசுவதில்லை. பணம் கொடுத்தாயிற்று, படம் நம்முடையதுதான் என்ற நினைப்பு பாதிதான் சரி.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் சொல்லி, கூலியும் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரையே சேரும். ஆனால் புகைப்படக்காரர் முன்பே எடுத்து வைத்திருந்த மணிலா வயல் படத்தைக் கொடுத்தால் அந்த உரிமை அவருடையதே. லேபிள் சின்னமும் அப்படித்தான். தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்கும் ஓவியர் வேலையின் பகுதியாக வரைவது முதலாளிக்குச் சொந்தம். தனியாகத் தொழில் செய்பவர் வரையும் சின்னமோ, அவர் எழுதிக் கொடுத்தாலன்றிப் பொதுவாக அவரிடமே நிற்கும். விவசாயிக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே.

நிலத்தில் குத்தகைக்கும் கிரயத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஒரு பொங்கல் விற்பனை விளம்பரத்துக்கு மட்டும் படம் வேண்டுமென்றால் குத்தகை போதும், கூலியும் குறையும். ஆண்டுக்கணக்கில் சீசாவில் நிற்கப்போகும் சின்னத்தைக் கிரயமாகவே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அதே சின்னத்தைச் சற்று மாற்றி வேறொரு எண்ணெய்க்காரருக்கு வரைந்து கொடுப்பதைத் தடுப்பது கடினம்.

அரசே இந்த முறையைத்தான் பின்பற்றியது. ரூபாய்க் குறியீட்டுக்கு 2009இல் போட்டி வைத்தபோது, தேர்வாகும் வடிவத்தின் உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுப்பதற்கே இரண்டரை லட்சம் ரூபாய்ப் பரிசு என்று முன்கூட்டியே அறிவித்தது. 2010இல் தமிழரான டி. உதயகுமாரின் வடிவம் தேர்வானபோது உரிமை பற்றிய கேள்வி எழ இடமிருக்கவில்லை.

கவரைப்பேட்டைப் பக்கம் பத்து விவசாயிகள் சேர்ந்து எண்ணெய் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லேபிளுக்கு 8,000 ரூபாய், புகைப்படத்துக்கு 4,000 ரூபாய், இரண்டையும் ஒருவரே செய்வதாகப் பேச்சு. அவர்கள் எழுத வேண்டியது ஒரு பக்கம்தான். ஒரு சின்னம், அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் அளவுகளுக்கு மூன்று லேபிள், பத்துப் படங்கள், திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் முறைக்கு 500 ரூபாய். இதுதான் வேலையின் எல்லை. பணத்தில் 3,000 முன்பணம், மாதிரி பிடித்ததும் 4,000, மீதி 5,000 கோப்புகளும் உரிமைக் கையொப்பமும் கைக்கு வந்த பிறகு.

கோப்பு என்றால் அச்சுக்குத் தயாரான படம் மட்டுமல்ல. திருத்தக்கூடிய மூலக் கோப்பும் வேண்டும். அதை அச்சகத்தில் திறந்து, எழுத்தையும் நிறத்தையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மாற்ற முடியாவிட்டால், நாளை இரண்டு லிட்டர் டின் போடவும் பழைய ஆளிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.

உரிமை வாசகத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். "உரிமையை எழுதிக் கொடுத்தேன்" என்று மட்டும் இருந்தால் சட்டம் அதை ஐந்து ஆண்டுகளுக்கு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளும். மழை பொய்த்து எண்ணெய் வெளிவர ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனாலோ, ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். ஆகவே இப்படி எழுதலாம்: "இந்தச் சின்னம், மூன்று லேபிள்கள், பத்துப் படங்கள் ஆகியவற்றின் பதிப்புரிமை முழுவதையும், அது நீடிக்கும் காலம் முழுமைக்கும், உலகம் எங்கும் செல்லும்படி, 12,000 ரூபாய்க்கு மாற்றிக் கொடுக்கிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை காலாவதியாகாது. இவை என் சொந்தப் படைப்புகள். பிறர் படம் எதுவும் இவற்றில் இல்லை." அதன் கீழே வரைந்தவர் கையொப்பமிட வேண்டும். குழு பதிவு செய்யப்படவில்லை என்றால், உரிமை பெறுவோராகப் பத்துப் பேரின் பெயரையும் எழுத வேண்டும்.

"தெரிந்த பையன்தானே, எழுத்து எதற்கு?" என்பார்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும்; வாய்ச்சொல் செல்லாது. எழுதுவது அந்தப் பையனுக்கும் நல்லது. முழு உரிமை கேட்டால் அதற்குரிய விலையை அவர் கேட்கலாம். பத்தாவது திருத்தத்தையும் கூலியில்லாமல் செய்ய வேண்டியதில்லை. முதல் லேபிள் அச்சாகும் முன்பு இரு தரப்பும் மனம் ஒத்து எழுதிவிடலாம். எண்ணெய் பெயர் வாங்கிய பிறகு கையொப்பம் கேட்டால் அதன் விலையே வேறு.