பிளீச்சும் ஆசிடும் சிங்க்கில் சந்தித்தால்... பொங்கல் க்ளீனிங் ஏன் ஆஸ்பத்திரியில் முடிகிறது?

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வீட்டைக் கழுவுற வேலை ஆரம்பிச்சுடும். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸா இருந்தாலும் சரி, வெளியே வடக்குத்துப் பக்கம் வாடகை வீடா இருந்தாலும் சரி, காட்சி ஒண்ணுதான். பரண்ல இருந்த பாத்திரமெல்லாம் கீழே வரும். சமையலறை டைல்ஸ்ல ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கும், சிங்க் ஓரத்துல படிஞ்சிருக்கிற வெள்ளை உப்புக்கறையும் அன்னைக்குத்தான் கண்ணுல படும். ஒரு கையில் பிளீச்சிங் பவுடர், இன்னொரு கையில் ஆசிட் பாட்டில். போதாக்குறைக்கு, 'வினிகர் ஊத்துங்க, பளபளன்னு ஆகும்' என்று போனில் ஒரு ரீல்ஸ்.

தனித்தனியா இவை மூன்றும் சாதாரணப் பொருள்கள்தான். பிளீச்சோடு மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று சேரும்போதுதான் பிரச்னை. 'நான் எதையும் கலக்க மாட்டேனே' என்று சொல்பவர்களும் கலந்துவிடுகிறார்கள் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்க உணவகத்தில் நடந்தது என்ன?

2019 நவம்பர் 7. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். 'பஃபலோ வைல்ட் விங்ஸ்' உணவகத்தின் சமையலறைத் தரையில் அமிலம் கலந்த க்ளீனர் ஒன்று தவறுதலாகச் சிந்திவிடுகிறது. அது அங்கே இருப்பது தெரியாமல், இன்னொரு ஊழியர் வழக்கம்போலத் தரையைக் கழுவ வருகிறார். அவர் ஊற்றியது பிளீச் வகை க்ளீனர். தரையில் இரண்டும் சேர்ந்ததும் திரவம் பச்சை நிறமாக மாறி, நுரைத்துப் பொங்குகிறது.

கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஊழியர் வெளியேறுகிறார். 32 வயதான மேலாளர், அந்தத் திரவத்தைத் தரை வைப்பரால் வெளியே தள்ளிவிட முயல்கிறார். அவர் அன்றே உயிரிழந்தார். அங்கிருந்த இன்னும் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

இதில் யாரும் ஒரு பக்கெட்டில் இரண்டு பாட்டில்களைக் கவிழ்த்துக் கலக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து சிந்தியது ஒன்று, இன்னொருவர் பிறகு வந்து ஊற்றியது மற்றொன்று. கலந்தது தரை.

நம்ம வீட்டிலும் இப்படித்தான் நடக்கும். காலையில் அம்மா சிங்க்கில் பிளீச்சிங் பவுடர் தூவி 'ஊறட்டும்' என்று விட்டுப் போவார். பத்து மணிக்கு வேலைக்கு வரும் அக்கா, அது தெரியாமல் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றுவார். இரண்டு பேரும் அவரவர் வேலையைத்தான் செய்கிறார்கள். வாயு கிளம்புவது குனிந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேராக.

அடைத்து வைத்த வாயு

பிளீச் எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொண்டால், இந்த ஆபத்து மறக்கவே மறக்காது. குளோரின் வாயுவை காஸ்டிக் சோடா கரைசலுக்குள் செலுத்தினால் கிடைப்பது திரவ பிளீச். அதையே நீற்றிய சுண்ணாம்புக்குள் செலுத்தினால் கிடைப்பது பிளீச்சிங் பவுடர். காஸ்டிக் சோடாவும் சுண்ணாம்பும் காரத்தன்மை கொண்டவை. அந்தக் காரம்தான் குளோரினைப் பிடித்து அடைத்து வைத்திருக்கும் பூட்டு.

அமிலம் பட்டால் அந்தப் பூட்டு திறந்துவிடும். உள்ளே போன குளோரின் திரும்ப வாயுவாக வெளியே வரும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்ட அதே குளோரின்தான். அளவு மட்டும்தான் வேறு.

டாய்லெட் க்ளீனர்கள் பலவற்றில் சுமார் 10 சதவிகிதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. தெருவில் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கிற பாத்ரூம் ஆசிட்டும் அதே அமிலம்தான், ஆனால் எவ்வளவு வீரியம் என்று எழுதியிருக்காது. இவை பட்டால் பூட்டு சட்டென்று திறக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

எட்டுக்கு எட்டு அடியில், ஒன்பது அடி உயரத்தில் ஒரு சமையலறை என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் மூடியிருக்கிறது. சிங்க்கில் 5 சதவிகித பிளீச் 100 மில்லி, அதாவது ஒரு சின்ன டீ டம்ளர் அளவு இருக்கிறது. அதன்மேல் 10 சதவிகித டாய்லெட் க்ளீனர் 50 மில்லி, அரை டம்ளர் விழுகிறது.

வேதிக்கணக்குப்படி இதில் ஏறக்குறைய 5 கிராம் குளோரின் உருவாகலாம். அது முழுவதும் அந்த அறைக்காற்றில் பரவினால், பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 100 பங்கு குளோரின். நெஞ்சுவலியும் கடுமையான இருமலும் வர 30 பங்கே போதும். நடைமுறையில் முழுவதும் வெளியே வராது, கொஞ்சம் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். பத்தில் ஒரு பங்கு வந்தாலும் காற்றில் 10 பங்கு ஆகிவிடும். தொழிற்சாலைகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளில், 'உயிருக்கு உடனடி ஆபத்து' என்று குறிக்கப்பட்டிருக்கும் அளவே அந்த 10தான். அதுவும் இது அறை முழுக்கச் சமமாகப் பரவினால் வருகிற கணக்கு. சிங்க்கின் மேல் குனிந்திருக்கும் மூக்குக்கு அதைவிட அதிகமாகவே போகும்.

பிளீச்சிங் பவுடர் என்றால் இன்னும் சுலபம். அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். 15 கிராம், அதாவது குவித்து எடுத்த ஒரு மேசைக்கரண்டி போதும், அதே 5 கிராம் வந்துவிடும்.

'வினிகர் சமையலுக்குப் போடுறதுதானே?'

வினிகரில் இருப்பது 4 முதல் 5 சதவிகிதம் அசிட்டிக் அமிலம். ஆசிட்டைவிட வீரியம் குறைவு என்பதால் குளோரின் மெதுவாக வரும். ஆனால் வரும்.

கொரோனா பரவிய 2020-ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தது. வாங்கி வந்த காய்கறிகளைக் கழுவ வேண்டும் என்று செய்தியில் கேட்ட ஒரு பெண், சிங்க்கில் பிளீச் கரைசல், வினிகர், வெந்நீர் மூன்றையும் ஊற்றி அதில் காய்களை ஊறப்போட்டார். கொஞ்ச நேரத்தில் சமையலறை முழுக்கக் குளோரின் நெடி. இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சில் விசில் சத்தம். ஆம்புலன்ஸில் போனவருக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தது. ஆக்ஸிஜனும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் கொடுத்த பிறகு தேறி, சில மணி நேரத்தில் வீடு திரும்பினார்.

எலுமிச்சைச்சாறு, புளிக்கரைசல், சிட்ரிக் ஆசிட் எல்லாமே இதே அமிலக் குடும்பம்தான். புளி போட்டுத் தேய்த்த பித்தளைப் பாத்திரத்தை பிளீச் நிற்கிற சிங்க்கில் போடுவதும் வேண்டாம். அம்மோனியா கலந்த கண்ணாடி க்ளீனரோடு பிளீச் சேர்ந்தால் வருவது குளோரமின் என்ற வேறு வாயு. அதுவும் நுரையீரலைத் தாக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

'நெடி அதிகமா இருந்தாதான் கிருமி சாகுது' என்று நம்ம ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆபத்தே இங்கேதான் இருக்கு. பிளீச்சுக்கு எப்போதும் ஒரு வாசனை இருக்கும். ஆனால் இன்னொன்றை ஊற்றியவுடன் நெடி திடீரென்று கூடினாலோ, திரவம் நுரைத்தாலோ, மஞ்சள்-பச்சை நிறம் தெரிந்தாலோ, கண் கரித்தாலோ அது வாயு. கொஞ்ச நேரத்தில் 'இப்ப நெடி குறைஞ்சிடுச்சு' என்று தோன்றினால் நம்பாதீங்க. மூக்கு பழகிவிட்டதாகவும் இருக்கலாம்.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுவது. துடைத்துவிட்டு வருகிறேன், தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று உள்ளே நிற்கக் கூடாது. பர்லிங்டன் மேலாளர் அப்படித்தான் நின்றார். வெளியேறும் வழியில் ஜன்னல் இருந்தால் திறக்கலாம், அதற்காக உள்ளே போகக் கூடாது. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. அது தரையோடு தங்கும் என்பதால் குழந்தைகளையும் நாய், பூனையையும் முதலில் வெளியேற்றுங்க. மாஸ்க்கும் ஈரத்துணியும் இந்த வாயுவுக்குப் பாதுகாப்பு இல்லை.

கண்ணில் எரிச்சல் இருந்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்க. இருமலோ மூச்சுத்திணறலோ நிற்கவில்லை என்றால் 108-க்கு போன். ஆஸ்துமா இருப்பவர்கள் காத்திருக்கவே வேண்டாம். குளோரினை அதிகம் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். காலையில் சரியாகி, சாயங்காலம் மூச்சு வாங்கினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்க. எதையும் எதையும் ஊற்றினீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்க, முடிந்தால் பாட்டில்களின் போட்டோவைக் காட்டுங்க.

அப்போ எதை வெச்சுத்தான் கழுவுறது?

எண்ணெய்ப் பிசுக்குக்கு பிளீச்சே தேவையில்லை. பாத்திரம் கழுவும் லிக்விடும் வெந்நீரும் போட்டு பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் போதும். விடாப்பிடியான பிசுக்குக்கு சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசலாம்.

உப்புக்கறைக்கு அமிலம்தான் சரியான மருந்து. வினிகரையோ எலுமிச்சையையோ தனியாகத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவிவிடுங்க. வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து நுரைக்க வைக்கும் ரீல்ஸால் ஆபத்து இல்லை. பெரிய பலனும் இல்லை, ஒன்றை ஒன்று முறித்துவிடும்.

இறைச்சி வெட்டிய மேடைக்குக் கிருமிநாசினி வேண்டும் என்றால் பிளீச் பயன்படுத்தலாம். முதலில் சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு போகத் தண்ணீர் ஊற்றுங்க. பிறகு ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீரில் 5 சதவிகித பிளீச் 20 மில்லி, அதாவது நான்கு டீஸ்பூன் கலந்து, மேடை சில நிமிடங்கள் ஈரமாக இருக்கும்படி விட்டுக் கழுவணும். ஜன்னல் திறந்திருக்கட்டும். வெந்நீர் வேண்டாம். மிச்சத்தை அன்றே கொட்டிடுங்க.

எல்லாவற்றையும் ஒரே வரியில் சொன்னால்: ஒரு நாள், ஒரு இடம், ஒரு பொருள். இன்று பிளீச் போட்ட சிங்க்குக்கு ஆசிட் நாளைக்குத்தான். நடுவில் குழாயை இரண்டு மூன்று நிமிடம் நன்றாகத் திறந்துவிடணும். ஏனென்றால், சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயில் முந்தைய திரவம் தேங்கி நிற்கும்.

பாட்டிலின் வடிவத்தையும் நிறத்தையும் நம்பாதீங்க. டாய்லெட் க்ளீனர்களிலேயே சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும், சிலவற்றில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற பிளீச் இருக்கும். ஒரு பிராண்ட் தீர்ந்ததும் அதே கோப்பையில் இன்னொன்றை ஊற்றினாலும் இதே கதைதான். லேபிளின் பின்பக்கத்தைப் படிங்க. தண்ணீர் பாட்டிலில் ஆசிட்டை மாற்றி வைக்காதீங்க.

அனல்மின் நிலையங்களில் குளிர்விக்கும் தண்ணீரில் பாசி பிடிக்காமல் இருக்க குளோரின் சேர்ப்பது வழக்கம். அங்கே அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டு, எச்சரிக்கைப் பலகை உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அப்படி எதுவும் கிடையாது. கையில் கொடுக்கிற பாட்டிலில் என்ன இருக்கிறது என்றுகூட யாரும் சொல்வதில்லை. அதனால் பிளீச் போட்டு ஊறவிட்டால், சிங்க் குழாயில் ஒரு ரப்பர் பேண்டோடு துண்டுச்சீட்டைக் கட்டிவிடுங்க, அல்லது அவர் உள்ளே நுழையும்போதே வாய்விட்டுச் சொல்லுங்க: 'அக்கா, சிங்க்குல பிளீச் போட்டிருக்கேன். இன்னைக்கு ஆசிட் வேண்டாம்.'