ரவுட்டரைத் திட்டாதீர்கள், லேப்டாப்பைக் கேளுங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு, கோபமான பதிவும்கூட. "நெட் ஸ்லோவா இருக்கா? ரவுட்டரை மாத்துங்க" என்று யோசிக்காமல் சொல்லும் பழக்கத்தின் மீதுதான் கோபம். கடைக்காரர் சொல்கிறார், இணைப்பு கொடுக்க வருகிற பையன் சொல்கிறான், வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற நம் பிள்ளைகளும் சொல்கிறார்கள். பத்து வருடப் பழைய லேப்டாப் இருக்கிற வீட்டில் இந்த அறிவுரை பெரும்பாலும் பணத்தை வீணாக்கும். புது ரவுட்டர் வந்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் லேப்டாப் பழைய வேகத்திலேயே இருக்கும்.

ஏன் என்பதை வகுப்பறை உதாரணத்தோடு சொல்கிறேன். நான் டிக்டேஷன் கொடுக்கும்போது எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் எழுதுகிற பையனின் கை எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் நோட்டில் ஏறும். வைஃபையும் அப்படித்தான். ரவுட்டர் ஒரு முனை. லேப்டாப்புக்குள் இருக்கும் சின்ன வைஃபை கார்டு மறுமுனை. இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்த வேகத்தில்தான் பேச்சு நடக்கும். ரவுட்டர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், கேட்பவனுக்காக இறங்கி வந்துதான் பேசும்.

பழைய லேப்டாப்களில், குறிப்பாக விலை குறைந்தவற்றில், ஒரே ஆன்டெனாவோடு வேலை செய்யும் கார்டைத்தான் அதிகம் போட்டார்கள். 2009-ல் வந்த 802.11n என்ற முறை வரைதான் அதற்குத் தெரியும். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும். சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் அந்தக் கார்டின் உச்சம் விநாடிக்கு 72 மெகாபிட். இது காகித வேகம். காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் "வந்து சேர்ந்தது" என்று பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் போக, கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி, 35-லிருந்து 45 வரை. ரவுட்டரைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் இந்த உச்சம் உயராது. தூரம் குறைந்தால் சிக்னல் பலப்படும். கார்டுக்குத் தெரியாத வேகத்தைச் சிக்னல் கற்றுக்கொடுக்காது.

இப்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் என் மைத்துனர் வீடு. அவர் மகள் சி.ஏ. முதல்நிலைத் தேர்வுக்கு ஆன்லைனில் படிக்கிறாள். வகுப்பு மாலை 6 மணிக்கு மேல்தான். வகுப்பு நடுவே படம் உறைந்துவிடும், ஆசிரியர் குரல் துண்டுதுண்டாக வரும். கணக்குப் பாடத்தில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்தது புரியுமா? இரண்டு மாதத்தில் வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? 3,200 ரூபாய்க்குப் புது ரவுட்டர். 100 மெகாபிட் திட்டத்தை 200-க்கு மாற்றி மாதாமாதம் கூடுதல் கட்டணம். கடைசியில் அவள் மேசையை ரவுட்டருக்குக் கீழேயே நகர்த்திப் போட்டார்கள். எதுவும் மாறவில்லை. பிறகு பழி பிள்ளை மேல் திரும்பியது: "போன்ல எல்லாம் நல்லா ஓடுது, இவளுக்கு மட்டும் எப்பவும் ஏதாவது சாக்கு." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

நான் போனபோது முதலில் ரவுட்டர் பக்கத்தில் போனை வைத்து வேகம் பார்த்தோம்: 190. ஆக ரவுட்டரும் சரி, வெளியிலிருந்து வரும் இணைப்பும் சரி. அதே இடத்தில் லேப்டாப், காலை 10 மணிக்கு: 38. பிறகு லேப்டாப்பில் Command Prompt திறந்து இதைத் தட்டச் சொன்னேன்:

```
netsh wlan show interfaces
```

வந்த வரிகளில் நமக்கு வேண்டியவை மூன்றுதான். Radio type என்ற இடத்தில் 802.11n. Receive rate என்ற இடத்தில் 72.2. Signal என்ற இடத்தில் 99%. இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். சிக்னல் முழுதாக இருக்கிறது, ஆனாலும் வேகம் 72-ல் நிற்கிறது. கார்டு தன் முழுப் பலத்தையும் காட்டிவிட்டது என்று அர்த்தம். அடுத்து இதையும் பார்த்தோம்:

```
netsh wlan show drivers
```

இதில் Radio types supported என்ற வரியில் 802.11b, 802.11g, 802.11n என்று மட்டும் இருந்தது. அங்கே 802.11a அல்லது 802.11ac என்று இருந்தால்தான் 5 கிகாஹெர்ட்ஸ் அந்தக் கார்டுக்குத் தெரியும். இவள் லேப்டாப்புக்குத் தெரியாது. புது ரவுட்டரின் சிறப்பே அந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான். அது இருக்கிறது என்பதே அந்த லேப்டாப்பின் கண்ணில் படாது. (இதை மொபைல் 5ஜி-யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் வேறு.)

"மாமா, 38 இருந்தா ஒரு வகுப்புக்குப் போதாதா?" என்று அவளே கேட்டாள். நல்ல கேள்வி. தாராளமாகப் போதும். வீடியோ வகுப்புக்கு நான்கைந்து மெகாபிட் ஒழுங்காக வந்தாலே போதும். அப்படியானால் மாலையில் ஏன் உறைகிறது? அன்று மாலை 7 மணிக்கு மறுபடி பார்த்தோம். சில நேரம் 11, சில நேரம் 3. அதே நேரத்தில் போனில் 180-க்குக் குறையவில்லை. இங்கேதான் விஷயம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அந்த அடுக்குமாடியில் இருபதுக்கும் மேற்பட்ட ரவுட்டர்களின் பெயர்கள் அவள் லேப்டாப்பிலேயே தெரிந்தன. மாலையில் எல்லா வீட்டிலும் எல்லோரும் இருப்பார்கள். மூன்று வரிசையில் இருபது வீடு முண்டியடிக்கும்போது, ஒவ்வொருவரும் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். போன் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விட்டதால் தப்பித்தது. லேப்டாப்புக்கு அந்த வழி இல்லை. எனவே நெரிசலிலேயே நின்றது. திட்டத்தை 200 என்ன, 500 ஆக்கினாலும் இந்த நெரிசல் குறையாது. பிள்ளை சொன்னது சாக்கு அல்ல.

தீர்வுக்கு இரண்டு வழி. முதல் வழி, கேபிள். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு நெட்வொர்க் கேபிளைச் செருகினோம். 94 வந்தது. அந்த லேப்டாப்பின் கேபிள் துளை 100 மெகாபிட் வகை, அதனால் அதற்கு மேல் போகாது. ஆனால் மாலை 7 மணிக்கும் அதே 94. பக்கத்து வீட்டு ரவுட்டர் எதுவும் கேபிளுக்குள் வர முடியாது. மேசையை ஏற்கெனவே ரவுட்டருக்குக் கீழே போட்டாயிற்று, பிறகு கேபிளைச் செருக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே!

இரண்டாவது வழி, யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர். 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்த, 'டூயல் பேண்ட்' என்று போட்டிருக்கும் ஒன்றை 1,100 ரூபாய்க்கு வாங்கினோம். நகம் அளவுக்குச் சின்னதாக இருப்பதை வாங்காதீர்கள், அதில் ஆன்டெனாவுக்கு இடமே இருக்காது. லேப்டாப்பில் நீல நிற யு.எஸ்.பி. துளை இருந்தால் அதில் செருகுங்கள். பிறகு முக்கியமான ஒன்று: Device Manager-ல் பழைய கார்டை Disable செய்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பழைய கார்டிலேயே இணைந்து நின்று, "இதுவும் பிரயோஜனம் இல்லை" என்று உங்களைச் சொல்ல வைக்கும். அவள் லேப்டாப்பில் 160-க்கு மேல் வந்தது, மாலையிலும். கேபிள் ஓரிடத்தில் கட்டிப்போடும் என்பதால் அவள் அடாப்டரை வைத்துக்கொண்டாள். 200 திட்டத்தை மறுபடி 100-க்கு இறக்கச் சொல்லிவிட்டேன்.

எல்லா வீட்டிலும் கார்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ரவுட்டர் பக்கத்தில் போனும் மெதுவாக இருந்தால், ரவுட்டரையோ இணைப்பையோ பாருங்கள். ரவுட்டர் பக்கத்திலேயே லேப்டாப் சிக்னல் 40, 50% என்று காட்டினால், சர்வீஸுக்குத் திறந்தபோது கார்டின் ஆன்டெனா வயரை மறுபடி மாட்டாமல் விட்டிருக்கலாம். அது பத்து நிமிட வேலை. கேபிள் போட்டு வேகமும் சரியாகக் காட்டுகிறது, ஆனாலும் பக்கம் திறக்க நேரமாகிறது என்றால், குற்றம் நெட்டில் இல்லை. Task Manager-ல் Disk 100% என்று நிற்கிறதா பாருங்கள். அப்போது அடாப்டரும் வீண், பழைய ஹார்ட் டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும்.

விற்கிறவர்களிடமும் ஒரு கேள்வி. ரவுட்டர் பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சடிக்கிறீர்கள். அது 2.4-ல் 300, 5-ல் 867, இரண்டையும் கூட்டி மேலே முழுமையாக்கிய எண். எந்த ஒரு கருவிக்கும் அந்த 1200 கிடைக்காது. என் மாணவன் எவனாவது இரண்டு பாடத்தின் மதிப்பெண்ணைக் கூட்டி ஒரே பாடத்தில் வாங்கியதாகச் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். லேப்டாப் விற்றவர்களோ பெட்டியில் 'வைஃபை உண்டு' என்று மட்டும் போட்டார்கள். எத்தனை ஆன்டெனா, எந்த அலைவரிசை என்று சொல்லவில்லை. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய எண் அதுதான்.

என் மாணவர்களில் கணினிக் கடை வைத்திருப்பவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். அடுத்த முறை ஒருவர் "நெட் ஸ்லோ" என்று வந்தால், ரவுட்டரை எடுத்து மேசை மேல் வைப்பதற்கு முன், "எந்த மெஷின்ல ஸ்லோ? போன்ல எப்படி?" என்று கேளுங்கள். ஒரு 3,200 ரூபாய் விற்பனை போகலாம். அந்த வீட்டுக்காரர் அடுத்த பத்து வருடம் உங்களிடம்தான் வருவார். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்கு ரவுட்டர் அனுப்புவதற்கு முன், வீடியோ காலில் அந்த முதல் கட்டளையைத் தட்டச் சொல்லி மூன்று வரியைப் படிக்கச் சொல்லுங்கள்.

யார் வீட்டிலாவது இதே தொல்லை இருந்தால், அந்த மூன்று வரியையும் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். என்னால் முடிந்தவரை பார்த்துச் சொல்கிறேன். சும்மா "சார், ஸ்லோ" என்று மட்டும் எழுதினால் பதில் கிடையாது!