இதை மாற்றச் சொன்னால்?

பொறியியல் படித்தவர்கள் செய்முறைத் தேர்வின் வைவாவை மறந்திருக்க மாட்டார்கள். ரெக்கார்டு நோட்டு நண்பனுடையதைப் பார்த்து எழுதியதாக இருக்கும். வெளிக் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் அதைப் புரட்டிவிட்டு, “இந்த ரெசிஸ்டரின் மதிப்பை இரண்டு மடங்காக்கினால் வளைவு எப்படி மாறும்?” என்று கேட்பார். சோதனையைச் செய்தவர் யார், நோட்டை மட்டும் நிரப்பியவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். மென்பொருள் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இன்று அந்த எக்ஸ்டெர்னலின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விண்ணப்பித்தவருக்கு ஒரு சிறிய அசைன்மென்ட் கொடுத்து, மூன்று நான்கு மணி நேர வேலையாக வீட்டிலேயே செய்து அனுப்பச் சொல்வது பல நிறுவனங்களில் வழக்கம். வெள்ளைப்பலகை முன் நின்று பதற்றத்தில் உளறுவதைவிட இது நியாயமானது. ஆனால் வந்து சேரும் கோப்பை அவரே எழுதினாரா, அண்ணன் எழுதிக் கொடுத்தாரா, ஏதாவது கருவி எழுதித் தந்ததா என்பது கோப்பைப் பார்த்தால் தெரியாது. கிட் வரலாறும் உதவாது. நேர்மையாக எழுதியவரே எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரே கமிட்டாக அனுப்புவதுண்டு. அதனால்தான் அசைன்மென்டுக்குப் பிறகு ஒரு நேரடி உரையாடல் வேண்டியிருக்கிறது. அந்த உரையாடலைப் பெரும்பாலோர் தவறாக நடத்துகிறார்கள் என்பதே என் கவலை.

வழக்கமான தவறு, “உங்கள் நிரலை வரிவரியாக விளக்குங்கள்” என்று ஆரம்பிப்பது. எழுதி முடித்த நிரலை எவரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்து விளக்கிவிடலாம். விளக்கத் தெரிந்திருப்பதால் ஒருவர் அதை எழுதியவராகிவிட மாட்டார்.

நான் பலமுறை கொடுத்த ஓர் அசைன்மென்டை எடுத்துக்கொள்வோம். ஆம்னி பஸ்ஸில் இருக்கை முன்பதிவு செய்யும் சிறிய சேவை. ஒரே இருக்கையை இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். விண்ணப்பித்த இருவரின் விடைகளில் ஏறக்குறைய ஒரே வரி இருந்தது:

```sql
UPDATE seats SET booked_by = 42
WHERE trip_id = 7 AND seat_no = 'L3'
  AND booked_by IS NULL;
```

நல்ல விடைதான். இருக்கை காலியா என்று முதலில் பார்த்து, பிறகு தனியாகப் பதிவு செய்தால் இரண்டுக்கும் நடுவே இன்னொருவர் புகுந்துவிடுவார். இங்கே பார்ப்பதும் பதிவதும் ஒரே கட்டளை. முதல் ஆளுக்கு ஒரு வரிசை மாறியதாகப் பதில் வரும். பின்னால் வந்தவருக்குப் பூஜ்யம். கடைசி நிபந்தனை எதற்கு என்று கேட்டபோது இருவருமே இதைச் சரியாகச் சொன்னார்கள். அத்துடன் நிறுத்தியிருந்தால் இருவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டிருப்பேன்.

அடுத்து ஒரு மாற்றம் கேட்டேன். “இருக்கையைத் தேர்ந்தெடுத்தவர் பணம் கட்டப் போகிறார். பத்து நிமிடம் அந்த இருக்கையை அவருக்காகப் பிடித்து வைக்க வேண்டும். எங்கே கை வைப்பீர்கள்?”

முதலாமவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நேராக அந்த வரிக்குப் போனார். `held_until` என்று ஒரு நேரப் பத்தி சேர்க்கலாம், அது காலியாகவோ கடந்துபோன நேரமாகவோ இருந்தால் மட்டும் இன்னொருவர் எடுக்கலாம் என்றார். உடனே அவரே, “பணம் பதினோராவது நிமிடம் வந்து சேர்ந்தால் என்ன செய்வது சார்? அதற்குள் வேறொருவர் பிடித்திருப்பாரே” என்று கேட்டார். பணத்தைத் திருப்பித் தருவதா, கட்டணம் தொடங்கியதும் நேரத்தை நீட்டுவதா என்று பத்து நிமிடம் பேசினோம். அந்தப் பத்து நிமிடம், அவர் அனுப்பிய கோப்பைவிட அவரைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது.

இரண்டாமவர் தாமதமின்றிப் பதில் சொன்னார். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, காலாவதியான பதிவுகளை நீக்கும் தனி வேலை ஒன்று வைக்கலாம் என்றார். வழி தவறில்லை. அது அவருடைய நிரலில் எந்தக் கட்டளையைத் தொடும் என்று கேட்டதும் கோப்புகளை மேலும் கீழும் நகர்த்தத் தொடங்கினார். நான்கே கோப்புகள்தான். முன்பதிவு நடக்கும் இடத்தை அவர் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது. “முதலில் வேறு மாதிரி ஏதாவது எழுதிப் பார்த்துக் கைவிட்டீர்களா?” என்றதற்கு, இல்லை, நேராக இதுவே வந்தது என்றார். நிரல் எழுதியவர்களுக்குத் தெரியும், அப்படி வருவது அபூர்வம். எழுதியவரிடம் கைவிட்ட வழிகளின் நினைவு இருக்கும். வாங்கியவரிடம் முடிவு மட்டுமே இருக்கும்.

ஆனால் இதையே குற்றப்பத்திரிகையாக்கிவிடக் கூடாது. நான் அப்படிச் செய்து தவறியிருக்கிறேன். ஒருமுறை ஓர் இளைஞர் எந்தக் கேள்விக்கும் முழு வாக்கியம் சொல்லாமல் திணறினார். வேறு யாரோ செய்து கொடுத்தது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். உடனிருந்த சக ஊழியர்தான், “தம்பி, தமிழிலேயே சொல்லுங்க” என்றார். அடுத்த கால்மணி நேரம் அந்த இளைஞர் தன் நிரலின் பலவீனங்களைக்கூட ஒன்றுவிடாமல் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர். நான் சோதித்துக்கொண்டிருந்தது அவருடைய ஆங்கிலத்தை. அந்த உரையாடலை அதற்கு முன்பே முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. எந்த மொழியில் பேச விருப்பம் என்பதை இப்போது முதல் வாக்கியமாகவே கேட்கிறேன்.

மறதியும் பொய்யான சந்தேகத்தை உண்டாக்கும். அசைன்மென்டை வாங்கி வைத்துவிட்டு மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டால், எழுதியவருக்கே அது அந்நியமாகிவிடும். நாலைந்து நாளுக்குள் பேசிவிட வேண்டும். பேசுவதற்கு முன் அவர் தன் கோப்பைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் தர வேண்டும். உரையாடல் நடக்கும் என்பதை அசைன்மென்ட் கொடுக்கும்போதே சொல்வதும் அவசியம். எந்தெந்த உதவியைப் பயன்படுத்தலாம் என்பதையும் அப்போதே எழுதித் தர வேண்டும். உதவி பெற்றதை ஒளிக்கத் தேவையில்லை என்றால், பாதிப் பேர் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.

மதிப்பிடுவதில் ஒரு கட்டுப்பாடு தேவை. ஆளெடுப்பு முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை சாக்கெட் தலைமையிலான உளவியலாளர்கள் 2022இல் மறுபடி கணக்கிட்டார்கள். வேலையின் மாதிரியைச் செய்யச் சொல்லும் சோதனைக்கு முன்பு நம்பியதைவிடக் குறைந்த மதிப்பே கிடைத்தது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலோடு கேட்கும் நேர்காணலே அந்தக் கணக்கில் முன்னால் நின்றது. எனவே பஸ் கேள்வியின் அந்தப் பத்து நிமிட மாற்றத்தை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். பிடித்தவரிடம் எளிதாகவும் சந்தேகப்பட்டவரிடம் கடினமாகவும் கேட்டால் அது விசாரணையாகிவிடும். இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் தனித்தனியே மதிப்பை எழுதிவிடுவது என் பழக்கம்.

ஒரு கேள்வி எப்போதும் வரும். நண்பர் எழுதிக் கொடுத்து, நன்றாகச் சொல்லியும் கொடுத்து, எல்லா மாற்றத்துக்கும் ஒருவர் பதில் சொன்னால் என்ன செய்வது? அவரைக் கண்டுபிடிக்க இந்த உரையாடலால் முடியாது. விதியை மீறினாரே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பதினோராவது நிமிடப் பணத்தைத் தானாக யோசிக்கும் அளவுக்கு ஒருவர் கற்றுக்கொண்டு வந்திருந்தால், திங்கட்கிழமை காலை வேறொருவர் எழுதிய நிரலை அவர் கையில் கொடுக்க நான் தயங்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்தபின் அவர் செய்யப்போவதில் பெரும்பகுதி, பிறர் எழுதியதைப் புரிந்துகொண்டு மாற்றுவதுதான்.