ராக்கெட்டுக்கு இங்கே என்ன வேலை?

வானொலியில் செய்தி வாசிக்கும்போது வரிக்கு வரி 'டிங்' என்று ஓர் ஒலியைப் போட்டால், எந்த டிங் முக்கியமானது என்று நேயருக்குத் தெரியாது. ஸ்லைடில் இமோஜியும் அப்படித்தான்.

என் சித்தி மகன் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை செய்கிறான். காலாண்டுக் கூட்டத்துக்காக ஆறு கிளைகளின் நிலவரத்தை ஒரே ஸ்லைடில் போட்டு எனக்கு அனுப்பியிருந்தான். கிள்ளானுக்கு ராக்கெட், ஈப்போவுக்குத் தீ, பினாங்குக்குப் பல்பு, ஜொகூருக்குக் கைதட்டல், சிங்கப்பூருக்கு அதன் கொடி, காஜாங்குக்கு மணல் கடிகாரம்.

"படத்தையெல்லாம் விரலால் மறைச்சிட்டுப் படிச்சுப் பாரு தம்பி" என்றேன்.

ஐந்து வரிகளில் ஒன்றும் குறையவில்லை. 'கிள்ளான்: விநியோகம் முடிந்தது' என்பது ராக்கெட் இல்லாமலே புரிகிறது. காஜாங் வரியில் மட்டும் இடித்தது. அங்கே 'புதிய கிடங்கு' என்று மட்டும்தான் எழுதியிருந்தான். வேலை இன்னும் முடியவில்லை என்ற விஷயம் முழுவதும் அந்த மணல் கடிகாரத்திலேயே இருந்தது. மேலாளர் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். ஆனால், வண்ணப் படத்துக்குத்தான் கண் முதலில் போகும். ஆறு படங்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் காஜாங் எங்கே கண்ணில் படும்?

அதனால் ஐந்தையும் எடுத்துவிட்டு மூன்றே மூன்று ஐகான் வைத்தோம். முடிந்ததற்கு டிக், நடப்பதற்கு மணல் கடிகாரம், சிக்கலுக்கு ஆச்சரியக்குறி போட்ட முக்கோணம். எல்லாம் ஒரே அளவில், வரியின் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக. பக்கத்திலேயே 'முடிந்தது', 'நடக்கிறது' என்று சொல்லாலும் எழுதச் சொன்னேன். பச்சை வட்டம், சிவப்பு வட்டம் போதாதா என்று கேட்டான். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு வட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். வடிவமே வேறாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

சிங்கப்பூர்க் கொடியில் வேறொரு வம்பு இருந்தது. அவன் ஸ்லைடு செய்தது மேக்கில். கூட்ட அறையில் இருப்பதோ விண்டோஸ். இமோஜி என்பது உண்மையில் படமல்ல, எழுத்து போன்ற ஒரு குறியீடு. அதற்கு எந்த உருவம் கொடுப்பது என்பதை ஒவ்வொரு கணினியும் தன் எழுத்துருவை வைத்து முடிவு செய்கிறது. விண்டோஸின் இமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகள் கிடையாது. கொடி இருக்க வேண்டிய இடத்தில் SG என்று இரண்டு எழுத்து நிற்கும்; மலேசியக் கொடி என்றால் MY. மற்ற இமோஜிகளும் முகம் மாறித்தான் வரும்.

பவர்பாயிண்டில் Insert போய் Icons எடுத்தால் இந்தக் கவலை இல்லை. அவை ஸ்லைடுக்குள்ளேயே படமாகப் போய் உட்கார்ந்துவிடும். எந்தக் கணினியில் திறந்தாலும் அதே உருவம்தான். நிறுவனத்தின் நிறத்தையும் கொடுக்கலாம், பெரிதாக்கினாலும் மங்காது. கொடியே வேண்டுமென்றால் அதைப் படமாகச் சேர்த்துவிடுங்கள். எதற்கும் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அந்த அறைக் கணினியிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.